ஏழா, பதினேழா? ஒரே கணக்கு, மூன்று வினா

‘கண்ணனிடம் 12 மாம்பழங்கள் உள்ளன. மாலாவிடம் அவனைவிட 5 பழம் அதிகம். மாலாவிடம் எத்தனை பழங்கள்?’ விடை 17. ஐந்தாம் வகுப்பில் பெரும்பாலானோர் யோசிக்காமலே எழுதிவிடுவார்கள்.

இதே கணக்கை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘கண்ணனிடம் 12 மாம்பழங்கள் உள்ளன. இது மாலாவிடம் இருப்பதைவிட 5 குறைவு. மாலாவிடம் எத்தனை பழங்கள்?’ எண்களும் விடையும் அதேதான், கூட்டலும் அதே கூட்டல்தான். ஆனால் திருத்த உட்கார்ந்தால் 7 என்ற விடை தலைகாட்டும். ‘குறைவு’ என்ற சொல்லைப் பார்த்ததும் கை கழிக்கப் போய்விடுகிறது. சின்னப் பிள்ளைகள் மட்டும் சறுக்கும் இடமல்ல இது. லூயிஸ், மேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987இல் கல்லூரி மாணவர்களுக்கு இந்த மாதிரிக் கணக்குகளைக் கொடுத்தபோது, செய்ய வேண்டிய செயலுக்கு எதிரான சொல் வினாவில் இருந்த இடங்களில்தான் கூட்டலும் கழித்தலும் இடம் மாறும் பிழை அதிகம் வந்தது.

மூன்றாவது வடிவம்: ‘மாலாவைவிட 5 பழங்கள் குறைவாக வைத்துள்ள கண்ணனிடம் 12 பழங்கள் இருப்பின், மாலாவிடம் உள்ள பழங்களின் எண்ணிக்கை யாது?’ தமிழில் பெயரைப் பற்றிய விவரமெல்லாம் பெயருக்கு முன்னால் வந்து குவியும். ‘கண்ணனிடம்’ என்ற சொல் வரும்வரை, குறைவாக வைத்திருப்பவர் யார் என்றே தெரியாது. அதுவரை 5, குறைவு, மாலா என மூன்றையும் மனதில் தாங்கிக்கொண்டே படிக்க வேண்டும். போதாக்குறைக்கு ‘இருப்பின்’, ‘யாது’ வேறு.

இரண்டாவது வினா கடினம், ஆனால் நியாயமான கடினம். யாரிடம் அதிகம் என்று ஒப்பிட்டுப் புரிந்துகொள்வது கணக்குப் பாடத்தில் சேர்ந்ததுதான். மூன்றாவதில் கூடுதலாக வந்தது வாக்கியச் சிக்கல் மட்டுமே. அதைப் புளூபிரிண்டில் ‘கடினம்’ என்ற கட்டத்தில் போடுவது, கணக்கு மதிப்பெண்ணை எடுத்துத் தமிழுக்குக் கொடுப்பது போல. ‘பின்வருவனவற்றுள் வெப்பக்கடத்தி அல்லாதது எது அல்ல?’ என்று கேட்பதும் இந்த வகைதான். எதிர்மறை தேவைப்பட்டால் ஒன்றோடு நிறுத்தி, அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் போடலாம்.

மாம்பழக் கணக்கை ஒரு மதிப்பெண் வினாவாக்கினால் விருப்பங்களும் கடினத்தை மாற்றும். 17, 22, 60, 70 என்று கொடுத்தால், 7 என்று கண்டுபிடித்தவன் அது பட்டியலில் இல்லை என்று பார்த்து வினாவைத் திரும்பப் படிப்பான். 7ஐயும் சேர்த்தால் அதைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுவான்.

சொல் எளிதாக இருந்தால் வினாவும் எளிதாகிவிடும் என்பதில்லை. ‘ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைக் கூறு’ என்பது மனப்பாடம். இதைப் பாருங்கள்: ‘டம்ளரில் விளிம்புவரை தண்ணீர். அதில் ஒரு ஐஸ்கட்டி மிதக்கிறது. ஐஸ்கட்டி முழுதும் உருகினால் தண்ணீர் வழியுமா? காரணம் கூறு.’ புரியாத சொல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் நன்றாகப் படிப்பவர்களே தடுமாறுவார்கள். வழியாது. மிதக்கும் ஐஸ்கட்டி தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை விலக்குகிறது. உருகி வரும் தண்ணீர் சரியாக அந்த இடத்தையே நிரப்புகிறது. இதில் ‘காரணம் கூறு’ என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டால், ‘ஆம்’, ‘இல்லை’ என்று பாதிப் பேர் குருட்டாம்போக்கில் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். 3 மதிப்பெண் என்றால் விடைக்கு 1, காரணத்துக்கு 2.

தேர்வு முடிந்தபின் வினாவைச் சோதிக்க ஒரு வழி உண்டு. 40 பேர் வகுப்பில் மொத்த மதிப்பெண்ணில் முதல் 11 பேரின் தாள்களையும் கடைசி 11 பேரின் தாள்களையும் எடுங்கள் (வகுப்பில் ஏறக்குறைய 27 சதவீதம்). மேல் குழுவில் 9 பேர், கீழ்க் குழுவில் 3 பேர் ஒரு வினாவுக்குச் சரியாக எழுதியிருந்தால், எளிமை 12/22, அதாவது 0.55. வித்தியாசம் 6/11, அதுவும் 0.55. நல்ல வினா. இன்னொன்றில் மேலே 6, கீழே 5 என்றால் எளிமை 0.5, கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் வித்தியாசம் 1/11, அதாவது 0.09. நன்றாகத் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றுபோல் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். வித்தியாசம் 0.2க்குக் கீழே போனால் முதலில் வாக்கியத்தைச் சந்தேகிக்கலாம்.

ஆனால் இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. வாசிப்பில் தடுமாறும் பிள்ளை எல்லாப் பாடத்திலும் பின்தங்கியிருந்தால், மாம்பழ வினாவின் மூன்றாவது வடிவமும் நல்ல வித்தியாசத்தைக் காட்டிவிடும். எனவே தவறான விடைகளையும் எண்ண வேண்டும். பெரும்பாலும் 7 என்றால் ‘குறைவு’ என்ற சொல் இழுத்திருக்கிறது. 60, 22 என்று சிதறிக் கிடந்தாலோ, வெற்றிடமாக விட்டிருந்தாலோ, அவர்கள் வாக்கியத்தைத் தாண்டிக் கணக்குக்கே வந்து சேரவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் முதல் வடிவத்தை வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். 17 என்று சொன்னால் திருத்த வேண்டியது வினாத்தாளை.