சிக்கனக் கடத்தி அளவு

மின் பகிர்மானப் பாதைக்குக் கம்பி தேர்ந்தெடுக்கும் பொறியாளர் 'எகனாமிக் கண்டக்டர் சைஸ்' என்பார். இதை 'பொருளாதாரக் கடத்தி அளவு' என்று தமிழாக்கினால் சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கும், பொருள் மட்டும் வந்து சேராது. பொருளாதார அளவு என்றதும் நாட்டு வருமானம் நினைவுக்கு வருமே தவிர, கம்பத்தில் தொங்கும் கம்பி நினைவுக்கு வராது.

கண்டக்டர் என்பதற்கு அடியிலுள்ள லத்தீன் வினைக்கு 'இட்டுச் செல்' என்று பொருள். ஆளை இட்டுச் செல்பவர் தமிழில் நடத்துநர் ஆனார். மின்சாரத்தை இட்டுச் செல்வது கடத்தி ஆயிற்று. பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல் இது. கடத்தல்காரர் நினைவு வந்து சிரிப்பவர்கள் வகுப்புக்கு இருவர் உண்டு, அவர்களை விட்டுவிடலாம். களத்தில் வேலை செய்பவர்களுக்கு அது வெறும் கம்பிதான்.

சிக்கல் முதல் சொல்லில் இருக்கிறது. 'எகனாமி' கிரேக்கத்தில் வீடு என்ற சொல்லும் நிர்வாகம் என்ற சொல்லும் சேர்ந்து பிறந்தது: குடும்பச் செலவை ஆளும் முறை. அதற்கு நம்மிடம் உள்ள நெருங்கிய சொல் சிக்கனம். ஆனால் சிக்கனம் என்றால் இறுக்கிப் பிடிப்பது என்ற வாடையும் கூடவே வருகிறது. கம்பி வாங்குகையில் கையை இறுக்கினால் மெல்லிய கம்பிதான் வரும். இந்தக் கலைச்சொல் சொல்லுவதோ பெரும்பாலும் அதற்கு நேர்மாறு.

கருத்தின் மூலம் 1881இல் இருக்கிறது. அந்த ஆண்டு யார்க் நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்தில் வில்லியம் தாம்சன், மின்கடத்திகளில் உலோகச் சிக்கனம் பற்றி ஒரு கட்டுரை படித்தார். கெல்வின் பிரபு என்ற பட்டம் அவருக்கு வந்தது 1892இல்தான். ஆனாலும் விதிக்கு கெல்வின் பெயரே நிலைத்தது. அவர் கேட்ட கேள்வி எளியது. கம்பி தடித்தால் உலோகச் செலவு ஏறும், மின்தடை குறைந்து இழப்பு இறங்கும். மெலிந்தால் தலைகீழ். எந்தத் தடிமனில் இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவு?

உலோகத்துக்குப் போட்ட முதலின் ஆண்டுச் சுமை (வட்டியும் தேய்மானமும்) குறுக்குவெட்டுப் பரப்புக்கு நேர் விகிதத்தில் ஏறுகிறது. ஆண்டு இழப்பின் விலை அதே பரப்புக்கு எதிர் விகிதத்தில் இறங்குகிறது. ஆகவே இரண்டையும் பெருக்கினால் எப்போதும் ஒரே தொகை. பெருக்குத்தொகை மாறாத இரண்டு எண்களின் கூட்டுத்தொகை, இரண்டும் சமமாகும்போதுதான் மிகச் சிறியது. ஒரே பரப்புள்ள செவ்வக மனைகளில் சதுர மனைக்கு வேலிச் செலவு குறைவாக இருப்பது இதே காரணத்தால்தான். முதலின் ஆண்டுச் சுமையும் ஆண்டு இழப்பின் விலையும் சமமாகும் அளவே சிக்கன அளவு: கெல்வின் விதி இவ்வளவுதான்.

இந்தியத் தரத்தில், எஃகு நடுவிட்ட அலுமினியக் கம்பிகளுக்கு விலங்குப் பெயர்கள் உண்டு: ஸ்குவிரல், வீசல், ராபிட், ரக்கூன், டாக். பிரிட்டிஷ் வழக்கம் அது. அமெரிக்காவில் இவ்வகைக் கம்பிகளுக்குப் பறவைகளின் பெயர். வீசலை அறுத்துப் பார்த்தால் நடுவே ஓர் எஃகு இழை, சுற்றிலும் ஆறு அலுமினிய இழைகள், ஒவ்வொன்றும் 2.59 மில்லிமீட்டர். ரக்கூனும் அதே அமைப்புத்தான். இழை மட்டும் 4.09 மில்லிமீட்டர். கிலோமீட்டருக்கு மின்தடை வீசலுக்கு 0.929 ஓம், ரக்கூனுக்கு 0.371 ஓம்.

11 கிலோவோல்ட் பாதை ஒன்றில் உச்ச மின்னோட்டம் 40 ஆம்பியர் என்று கொள்வோம். கணக்குக்காக, கம்பி கிலோ 250 ரூபாய், ஆண்டுச் சுமை போட்ட முதலுக்கு 12 சதவீதம், இழக்கும் யூனிட் 5 ரூபாய். மூன்று கம்பிகளுக்குக் கிலோமீட்டருக்கு வீசல் 384 கிலோ, விலை 96,000 ரூபாய். ஆண்டுச் சுமை 11,500. ஆண்டு இழப்பு ஏறத்தாழ 11,700 யூனிட், அதாவது 58,600 ரூபாய். மொத்தம் 70,100. இரண்டு தொகைகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பாருங்கள். கம்பி மெல்லியது என்பதற்கு அந்த விலகலே அடையாளம்.

ரக்கூனுக்கு ஆண்டுச் சுமை 28,600, இழப்பு 23,400, மொத்தம் 52,000. கூடுதலாகப் போட்ட 1,42,500 ரூபாய் ஏறக்குறைய நான்கே ஆண்டுகளில் இழப்பு மிச்சத்தில் திரும்பிவிடுகிறது. சூட்டை மட்டும் பார்த்தால் வீசல் 100 ஆம்பியருக்கு மேலும் தாங்கும். எனவே 'தாங்குகிறதே, போதாதா?' என்று கேட்பவருக்குப் பதில் வெப்பமானியில் கிடைக்காது, கணக்கேட்டில்தான் கிடைக்கும்.

இதே கணக்கில் ராபிட் 54,100, டாக் 53,100. ரக்கூனுக்கு இருபுறமும் சரிவு மிக மெல்லியது. வளைவின் அடி தட்டையானது. ஆகவே சிக்கன அளவு என்பது ஊசிமுனைப் புள்ளியன்று. சந்தையில் கிடைக்கும் அளவுகளில் பக்கத்தில் உள்ளதை எடுத்தால் பெரிய நட்டமில்லை. வீசலுக்கு இறங்கினால்தான் அடி விழுகிறது.

மேலே 58,600 வந்த வழியைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் தவறு பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது. உச்ச இழப்பை ஆண்டின் 8,760 மணி நேரத்தால் பெருக்கக் கூடாது. 40 ஆம்பியர் நாள் முழுவதும் ஓடுவதில்லை. சராசரி மின்சுமை உச்சத்தில் பாதி என்றால் இழப்பும் பாதி என்பதும் தவறு. இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு மாறுகிறது. நாள் முழுவதும் பாதிச் சுமையே ஓடினால் இழப்பு உச்சத்தில் கால் பங்கு. பாதி நாள் முழுச் சுமை, மீதி நாள் சுமையே இல்லை என்றால் இழப்பு அரைப் பங்கு. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அதற்கான பெருக்கியை இழப்புச் சுமைக் காரணி என்கிறோம், இங்கே 0.3 எடுத்தேன். இதை மறந்து முழு மணி நேரத்தையும் பெருக்கினால் இழப்பு மூன்று மடங்குக்கு மேல் ஊதிப்போய், தேவையில்லாத தடித்த கம்பியைக் கணக்கு பரிந்துரைக்கும்.

இன்னொரு தவறு, கம்பம், இன்சுலேட்டர், கூலி எல்லாவற்றையும் முதலின் கணக்கில் சேர்த்துவிடுவது. கம்பி அளவோடு மாறாத செலவு சமநிலையில் இடம்பெறாது என்று கெல்வின் விதியைத் திருத்தியவர் மின்பொறியாளர் கிஸ்பர்ட் காப். டாக் கம்பியின் எடைக்காகக் கம்பங்களை நெருக்கி நட வேண்டுமானால் அந்தக் கூடுதல் மட்டும் கணக்கில் வர வேண்டும்.

விதி சொல்வது பணக்கணக்கை மட்டுமே. கடைக்கோடி வீட்டில் மின்னழுத்தம் வரம்புக்குள் இருக்கிறதா, காற்றில் கம்பி தாங்குமா என்பவற்றைத் தனியே பார்க்க வேண்டும். சுமை வளர்ச்சியையும்தான்: இதே பாதை 60 ஆம்பியருக்கு வளர்ந்தால் இழப்பு 2.25 மடங்காகி, ரக்கூன் 81,300 ரூபாய்க்கும் டாக் 75,100 ரூபாய்க்கும் வந்து நிற்கும். இன்றைய சிக்கனம் பத்தாண்டு கழித்துச் சிக்கனமாக இராமல் போவது இப்படித்தான்.

அதனால் தமிழில் நான் எழுதுவது 'சிக்கனக் கடத்தி அளவு'. முதன்முறை எழுதும்போது மட்டும் 'ஆயுட்காலச் செலவு மிகக் குறைவாக அமையும் கம்பி அளவு' என்று விரித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் மதிப்பீட்டைப் படிப்பவர் சிக்கனம் என்ற சொல்லைக் கண்டதும் வீசலை வாங்கிவிடுவார்.