'கொஞ்சம் பாருங்க சார்' என்ற செய்தியை மூன்றாகப் பிரித்த கதை

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் ஒருவரின் கணக்குகளை நான் பார்த்து வருகிறேன். பாக்கி வைத்திருந்த ஓர் ஆலைக்கு அவர் ஒன்பது முறை அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தி இதுதான்: "சார், நம்ம பேமென்ட் கொஞ்சம் பாருங்க." எந்த பில், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்கு வரவேண்டியது என்று ஒன்றுமில்லை. ஒன்பதாவது செய்தியும் முதல் செய்தியைப் போலவே இருந்ததால், அதைக் கண்டு யாரும் அசையவில்லை.

அடுத்த பருவத்தில் முறையை மாற்றினோம். ஜூன் 2ஆம் தேதி பில், தொகை ரூ.1,84,000, கொள்முதல் ஆணைப்படி 30 நாள் கெடு என்பதால் ஜூலை 2க்குள் பணம் வந்திருக்க வேண்டும். பில் எண், தொகை, கெடு தேதி ஆகிய மூன்றும் எல்லா நினைவூட்டல்களிலும் மாறாமல் நிற்க, கேட்பது மட்டும் படிப்படியாக மாறியது.

ஜூலை 4 அன்று கொள்முதல் அதிகாரிக்கு நட்பாக எழுதினோம்: "இந்த பில் கணக்குப் பிரிவுக்குச் சென்றுவிட்டதா என்று தெரிவிக்க வேண்டுகிறேன், ஏதேனும் ஆவணம் குறைந்தால் இன்றே அனுப்பி வைக்கிறேன்." சரக்கு வரவு முத்திரை இல்லாத ஒரே காரணத்துக்காக மேசையில் கிடக்கும் பில்கள் ஏராளம் என்பதால், இந்தக் கட்டத்தில் குற்றம்சாட்டும் தொனி கூடவே கூடாது.

பதில் வராததால் ஜூலை 14 அன்று கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சலில் உறுதியாக எழுதினோம்: "கெடு முடிந்து 12 நாள்கள் ஆகின்றன. பணம் செலுத்தும் தேதியை 17ஆம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்." இங்கே கேட்டது பணத்தை அல்ல, தேதியை. தேதியை எழுதிக் கொடுத்தவர் அதைத் தவறவிட்டால், அடுத்த கடிதத்தில் அவருடைய சொல்லையே எடுத்துக்காட்டலாம். 20ஆம் தேதி ரூ.90,000 தருவதாகப் பதில் வந்தது. அந்தத் தொகையும் வந்தது. மீதியைப் பற்றிப் பேச்சில்லை.

ஜூலை 28 அன்று உரிமையாளர் பெயருக்கே ஸ்பீடு போஸ்டில் இறுதிக் கடிதம் போயிற்று: "மீதி ரூ.94,000 ஆகஸ்ட் 5க்குள் வராவிட்டால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி வட்டியுடன் கோரி வசதியாக்க மன்றத்தில் மனு செய்வோம்." சிறுதொழில்களுக்கு வராத பாக்கி பற்றிய மனுக்களை விசாரிக்கும் அரசு அமைப்புதான் இந்த மன்றம். சரக்கு கொடுப்பதற்கு முன்பே, சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை அவர் பெற்றிருந்ததால்தான் இவ்வாறு எழுத முடிந்தது. கெடு தாண்டிய தொகைக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட அச்சட்டம் இடம் தருகிறது. எழுத்தில் கெடு இல்லையென்றால், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாள்தான் கெடு. எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேற்பட்ட கெடு செல்லாது.

இறுதி என்று எழுதிவிட்டு நான்காவதாக ஒன்றை அனுப்பினால் எல்லாம் கெட்டது. ஆகவே மனுவுக்கான தாள்களைத் தயாராக வைத்துக்கொண்டே அக்கடிதத்தை அனுப்பினோம். பெட்டியின் தரம் சரியில்லை என்று ஆலை எழுத்தில் சொல்லியிருந்தால் கடிதத்தை நிறுத்தியிருப்பேன். அது பாக்கி அல்ல, தகராறு, அதை வேறு விதமாகப் பேச வேண்டும். அப்படி எதுவும் வரவில்லை. ஆகஸ்ட் 3 அன்று மீதி முழுவதும் வந்தது. வட்டியை என் கட்சிக்காரரே வேண்டாமென்று விட்டுவிட்டார்.