11 கிலோவாட் பெட்டி, 3.7 கிலோவாட் சார்ஜ்

வீட்டில் மும்முனை இணைப்பு இருக்கிறது, மின்சாரக் காரை சார்ஜ் செய்ய 11 கிலோவாட் வால்பாக்ஸும் மாட்டியாயிற்று. ஆனால் காரின் திரை 3.7 கிலோவாட்தான் காட்டுகிறது. பெட்டி பழுது என்று பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது.

சுவரில் இருக்கும் பெட்டியை நாம் சார்ஜர் என்கிறோமே தவிர, அது உண்மையில் பாதுகாப்புள்ள ஒரு சுவிட்ச்தான். பேட்டரிக்கு வேண்டியது டிசி, வீட்டுக்கு வருவது ஏசி. மாற்றித் தரும் வேலையைச் செய்வது காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். அதைப் பெரிதாக்கினால் எடை, விலை, வெப்பம் மூன்றும் ஏறும் என்பதால் நிறுவனங்கள் ஒரு அளவோடு நிறுத்திக்கொள்கின்றன. இந்தியாவில் 7.2 கிலோவாட் ஒருமுனை சார்ஜர் பரவலாக இருக்கிறது. 11 கிலோவாட் மும்முனை சார்ஜர் சில கார்களில் வருகிறது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 11 கிலோவாட் என்பது ஒரே குழாயில் வருவதில்லை. ஒவ்வொரு ஃபேஸிலும் 230 வோல்ட், 16 ஆம்பியர். அதாவது ஃபேஸுக்குச் சுமார் 3.7 கிலோவாட். மூன்றும் சேர்ந்தால்தான் 11. ஒருமுனை ஆன்போர்டு சார்ஜருக்கு முதல் ஃபேஸ் மட்டுமே போய்ச் சேரும், மற்ற இரண்டும் சும்மா இருக்கும். காரால் 32 ஆம்பியர் வாங்க முடியும்தான். ஆனால் டைப் 2 கேபிளில் உள்ள பைலட் கம்பி வழியாகப் பெட்டி ‘16 ஆம்பியர்தான்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கார் அதை மீறாது.

45 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற 27 யூனிட் வேண்டும். வழியில் வீணாவதையும் சேர்த்து 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.7 கிலோவாட்டில் இதற்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விலை குறைவான 7.4 கிலோவாட் ஒருமுனைப் பெட்டி ஒரே ஃபேஸில் 32 ஆம்பியர் தருவதால், அதே கார் சுமார் நான்கு மணி நேரத்தில் முடித்துவிடும். இந்தக் காருக்குச் சிறிய பெட்டிதான் வேகமானது!

மும்முனை ஆன்போர்டு சார்ஜர் உள்ள காரை ஒருமுனைப் பெட்டியில் செருகினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் மூன்று 3.7 கிலோவாட் பகுதிகளில் இரண்டை ஒரே ஃபேஸில் இணைக்க வழி இருந்தால் 7.4 கிடைக்கும். இல்லையென்றால் அங்கேயும் 3.7தான். இதை வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. கேபிளையும் பாருங்கள்: ஒருமுனைக் கேபிளில் இரண்டாம், மூன்றாம் ஃபேஸுக்குக் கம்பி கிடையாது. அதை மாட்டினால் எந்தக் காருக்கும் மும்முனை போய்ச் சேராது.

32 ஆம்பியர் ஒருமுனைப் பெட்டியில் ஒரு சிக்கல் உண்டு. அவ்வளவு சுமையும் ஒரே ஃபேஸில் விழும். ஏசியும் கீசரும் அதே ஃபேஸில் இருந்தால் இரவில் மெயின் எம்சிபி விழக்கூடும். எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் வைத்து ஒவ்வொரு ஃபேஸிலும் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லி, காருக்குச் சுமை குறைந்த ஃபேஸை ஒதுக்கச் சொல்லுங்கள். அது முடியாத வீட்டில் பெட்டியை 20 ஆம்பியருக்குக் குறைத்து வைக்கலாம், அப்போது 4.6 கிலோவாட் கிடைக்கும்.