படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைத்தால் தூக்கம் எப்படிக் கூடும்?

தூக்கம் வராதவர்கள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் தேடுவார்கள். சீக்கிரம் படுப்பார்கள், காலையில் கொஞ்சம் கூடுதலாகப் படுத்துக் கிடப்பார்கள், மதியமும் கண்ணை மூடிப் பார்ப்பார்கள். எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்தாலாவது ஐந்து மணி நேரம் தூங்க முடியாதா என்ற கணக்கு அது. அந்தக் கணக்குதான் நோயை வளர்க்கிறது. நாள் முழுக்க விழித்திருந்தால் மூளையில் சேரும் தூக்க அழுத்தம், நேரம் கெட்டுப் படுப்பதால் சேராமல் போகிறது. போதாததற்கு, இரவில் புரண்டு கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் 'படுக்கை என்றால் விழிப்பு' என்று உடலுக்குப் பழக்கிவிடுகிறது.

இதைத் திருப்பிப் போடுவதுதான் தூக்கக் கட்டுப்பாட்டுச் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மேனும் உடன் பணியாற்றியவர்களும் 1987-ல் இதை வெளியிட்டார்கள். பெயரைக் கேட்டுப் பலர் பயந்துவிடுகிறார்கள். இதில் குறைப்பது தூக்கத்தை அல்ல, படுக்கையில் கிடக்கும் நேரத்தை. வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ, மூன்று மாதமோ அதற்குக் கூடுதலாகவோ தூக்கமின்மை நீடிப்பவர்களுக்கானது இது. பரீட்சைக்கு முந்தைய வாரம் தூக்கம் கெட்டவருக்கு இது தேவையில்லை.

முதல் வேலை நாட்குறிப்பு. ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், காலையில் எழுந்ததும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தூங்க எவ்வளவு நேரம் ஆனது, நடுவில் மொத்தம் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள், கடைசியாக எப்போது விழித்து எப்போது படுக்கையை விட்டு எழுந்தீர்கள். இரவில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், காலையில் தோராயமாக எழுதினால் போதும். நிமிடக் கணக்குப் பார்க்கப் போனால் அந்தக் கவலையே தூக்கத்தைக் கலைத்துவிடும். தூக்கத்தை அளக்கக் கையில் கட்டும் பட்டைகள், அசையாமல் விழித்துக் கிடப்பதையும் தூக்கம் என்று கணக்கிட்டுவிடக்கூடும். இந்தச் சிகிச்சைக்கு உங்கள் கையெழுத்துக் குறிப்பே போதுமானது.

எடுத்துக்காட்டாக, 54 வயதுப் பெண்மணி ஒருவரை வைத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்குப் படுக்கிறார், காலை 6.30-க்கு எழுகிறார். படுக்கையில் 510 நிமிடம். ஏழு இரவுகளில் அவர் தூங்கியது 300, 375, 240, 330, 345, 270, 380 நிமிடங்கள். கூட்டினால் 2240, ஏழால் வகுத்தால் 320. அதாவது சராசரி 5 மணி 20 நிமிடம். 320-ஐ 510-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 63 வருகிறது. இதைத் தூக்கத் திறன் என்கிறோம். படுக்கையில் இருந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர் விழித்தே கிடந்திருக்கிறார்.

இப்போது படுக்கையில் இருக்கும் நேரத்தை அவருடைய சராசரித் தூக்கத்துக்கு ஏறக்குறைய சமமாக வைக்கிறோம்: ஐந்தரை மணி நேரம். சராசரி நான்கு மணி நேரமாகவே இருந்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. அதற்குக் கீழே போனால் பகல் நேர ஆபத்து கூடிவிடும்.

அடுத்து எழும் நேரம். கணக்கை எப்போதும் எழும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஞாயிறு உட்பட ஏழு நாளும் காப்பாற்றக்கூடிய நேரமாக அது இருக்க வேண்டும். இந்தப் பெண்மணி 6.30-ஐயே வைத்துக்கொண்டால் இரவு 1 மணிவரை விழித்திருக்க வேண்டும், அது கடினம். அதனால் 5.30 என்று வைக்கிறோம். அதிலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்தால் படுக்கும் நேரம் இரவு 12 மணி. 12 மணி ஆனாலும் கண் சொக்கவில்லை என்றால் சொக்கும்வரை உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் 5.30-க்கு எழுந்தே ஆக வேண்டும்.

வாரம் ஒருமுறை மட்டும் கணக்கைத் திருத்துகிறோம். திறன் 85 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே கொண்டுவருகிறோம். 80-க்கும் 85-க்கும் இடையில் இருந்தால் அப்படியே விடுகிறோம். 80-க்குக் கீழே போனால், ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டு, 15 நிமிடம் குறைக்கிறோம். ஸ்பீல்மேனின் மூல முறையில் கூட்டுவதற்கு 90 சதவீதம் தேவைப்பட்டது. இன்று பலர் 85-ஐ ஏற்றுக்கொள்கிறார்கள்.

முதல் வாரத்தில் அவர் தூங்கியது சராசரி 290 நிமிடம்தான், முன்பைவிட அரை மணி நேரம் குறைவு. பலரும் 'எனக்கு இது ஒத்துவரவில்லை' என்று விட்டுவிடும் இடம் இதுதான். ஆனால் 330-ல் 290 என்பது 88 சதவீதம். துண்டு துண்டாக இருந்த தூக்கம் ஒரே கட்டாகச் சேரத் தொடங்கிவிட்டது. படுக்கும் நேரம் 11.45 ஆகிறது. இரண்டாம் வாரம் 345-ல் 310, 90 சதவீதம். 11.30-க்கு வருகிறோம்.

மூன்றாம் வாரம் திறன் 82-க்கு இறங்குகிறது. ஏன்? இரவு ஒன்பதரைக்கு டிவி முன் சோபாவில் சாய்ந்தபடி இருபது நிமிடம் கண்ணயர்ந்திருக்கிறார், நான்கு நாள். அவருடைய கணக்கில் அது தூக்கமே இல்லை. ஆனால் நாள் முழுக்கச் சேர்த்த அழுத்தத்தை அந்த இருபது நிமிடம் கரைத்துவிடுகிறது. இந்தச் சிகிச்சை பலன் தராதபோது நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான். படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரம் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். சாய்வதற்கு வசதியில்லாத நாற்காலி, நல்ல வெளிச்சம், துணி மடிப்பது, காய் நறுக்கி வைப்பது போன்ற கைவேலை உதவும். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிவரை படுத்துக் கிடப்பதும் இதே போன்ற ஓட்டைதான்.

முதல் இரண்டு, மூன்று வாரம் பகலில் தூக்கக் கலக்கம் வரும். எதிர்பார்த்ததுதான், ஆனால் அலட்சியப்படுத்தக் கூடாதது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகினால் அந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள், பைக்கும் சேர்த்துத்தான். லாரி, பஸ் ஓட்டுநர்கள், உயரத்தில் வேலை செய்பவர்கள், கனரக இயந்திரம் இயக்குபவர்கள் இதைத் தொடங்கவே கூடாது. வலிப்பு நோய், பைபோலார் மனநோய், தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது ஆபத்து. தூக்கம் குறைந்தால் வலிப்போ மனக்கிளர்ச்சியோ தூண்டப்படலாம். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுபவர்கள் முதலில் ஸ்லீப் ஆப்னியா பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அங்கே கோளாறு வேறு. தூக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். அளவை மாற்றாமல் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

சோபாவை விட்ட பிறகு நான்காம் வாரத்தில் அந்தப் பெண்மணி 360-ல் 320 நிமிடம் தூங்குகிறார், 89 சதவீதம். 11.15, பிறகு 11 மணி என்று நகர்ந்து, ஆறரை மணி நேரப் படுக்கையில் 350 நிமிடம் தூங்குகிறார். 10.45-க்குக் கொண்டுவந்தபோது தூக்கம் 340-ஆகக் குறைகிறது, திறனும் 84-க்கு இறங்குகிறது. கூடுதலாகக் கொடுத்த நேரம் விழிப்பாகத்தான் போகிறது என்று பொருள். ஆகவே 11 மணி முதல் 5.30 வரைதான் அவருக்கான நேரம். பகலில் கண் செருகாமல் வேலை ஓடினால், எட்டு மணி நேரம் தூங்கவில்லையே என்று அதை நீட்டத் தேவையில்லை. பின்னாளில் ஏதோ ஒரு கவலையில் தூக்கம் மீண்டும் கெட்டு இரண்டு வாரம் தாண்டினால், நாட்குறிப்பை எடுத்து, கடைசியாக நன்றாகத் தூங்கிய அந்த நேரத்தைவிட அரை மணி நேரம் குறைத்து, இரவு 11.30-லிருந்து மறுபடி தொடங்கலாம்.