மாலை போட்ட மூன்றாம் நாள்

ஒவ்வொரு கார்த்திகை முதல் வாரத்திலும் எங்கள் கிளினிக்கில் கறுப்பு வேட்டிகள் வந்து நிற்கும். பெங்களூரில் ஸ்ரீராமபுரம், அல்சூர் பக்கமெல்லாம் நம் ஆட்கள் நிறைய பேர் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். மாலை போட்டால் குடியை விட்டாக வேண்டும். அப்படி ஒரே ராத்திரியில் விட்டவர்களில் சிலர்தான் மூன்றாம் நாள் என்னிடம் தூக்கி வரப்படுகிறார்கள்.

ஒரு பெயின்டரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பத்து மூன்று வயது, சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். தினமும் இரண்டு குவார்ட்டர். பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். இதில் ஒரு பங்கை அவர் காலையிலேயே குடித்துவிடுவார். "இல்லேன்னா பிரஷ் நேரா நிக்காது மேடம்" என்று பின்னால் ஒருநாள் சொன்னார். கை நடுக்கத்தை நிறுத்தக் காலையில் குடிக்க வேண்டியிருக்கிறதா என்பது நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. ஆமாம் என்று பதில் வந்தால், அந்த ஆள் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாதவர்.

கடைசியாகக் குடித்தது மாலை போடுவதற்கு முந்தைய இரவு ஒன்பது மணிக்கு. விடியற்காலை கோயிலில் கை நடுங்கியது, வேர்த்தது. பச்சைத் தண்ணீரில் குளித்ததால் என்று நினைத்தார்கள். மறுநாள் விடிவதற்கு முன் வலிப்பு வந்தது. பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் குளுக்கோஸ் ஏற்றி, "பட்டினி, அசதி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. மாலை போட்டிருக்கும்போது அந்தப் பேச்சை எப்படி எடுப்பது?

மூன்றாம் நாள் ராத்திரி அவர் கட்டில்மேல் ஏறி நின்று, வெறுங்கையால் சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார். குனிந்து இல்லாத டப்பாவில் இல்லாத பிரஷை முக்குகிறார், விளிம்பில் வழிக்கிறார், மேலிருந்து கீழே இழுக்கிறார். நடுநடுவே சுவரிலிருந்து எறும்பு பொறுக்கிப் போடுகிறார். வீட்டில் சாமி வந்துவிட்டது என்று கற்பூரம் ஏற்றினார்கள். என்னிடம் கொண்டுவந்தபோது நாடித்துடிப்பு 128, ரத்த அழுத்தம் 170/110, உடம்பெல்லாம் வியர்வை. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், "ஒயிட்ஃபீல்டு சைட்டு, ரெண்டாவது கோட் அடிக்கிறேன்" என்கிறார்.

இதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்போம். கவனிக்காமல் விட்டால் உயிரைக் குடிக்கும். சாமி வந்தவருக்குக் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். இது மணிக்கணக்கில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், இடமும் நேரமும் குழம்பிப்போகும், காய்ச்சலும் படபடப்பும் கூடவே வரும்.

ஏன் இப்படி? மூளையில் காபா என்ற வேதிப்பொருள் பிரேக் மாதிரி, குளுட்டமேட் ஆக்சிலரேட்டர் மாதிரி. சாராயம் பிரேக்கை அழுத்தும், ஆக்சிலரேட்டரைத் தளர்த்தும். வருஷக்கணக்கில் இது நடந்தால் மூளை ஈடுகட்டத் தன் சொந்த பிரேக்கைக் குறைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரைக் கூட்டி வைத்துக்கொள்ளும். திடீரென்று சாராயத்தை எடுத்துவிட்டால் ஏறின ஆக்சிலரேட்டர் மட்டும் மிஞ்சும். முதல் சில மணி நேரத்தில் நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் இந்தக் குழப்பம் என்பது பொதுவான வரிசை.

"போன வருஷமும் மாலை போட்டாரே, நடுக்கத்தோட போச்சே" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. குடித்து நிறுத்தி, குடித்து நிறுத்தி வரும்போது ஒவ்வொரு முறையும் மூளை முன்னைவிடச் சுலபமாகப் பற்றிக்கொள்ளலாம். போன வருஷம் தப்பித்ததை வைத்து இந்த வருஷத்தைக் கணக்குப் போட முடியாது.

மருத்துவமனையில் சேர்த்ததும் முதலில் கொடுத்தது தயமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1. பெரும் குடிகாரர்களிடம் இது வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸை எரிக்க இது வேண்டும். இதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து, நினைவாற்றல் நிரந்தரமாகப் போகும் அளவுக்கு மூளை பாதிக்கப்படலாம். அந்த நர்சிங் ஹோம் டிரிப் எனக்கு இன்னும் எரிச்சல்தான். அப்புறம் லோரஸிபாம். இது சாராயம் அழுத்திய அதே பிரேக்கை அழுத்தும் மருந்து; அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். இந்த வகையில் வேறு மருந்துகளும் உண்டு, ஆனால் இவருக்குக் கல்லீரல் சரியில்லாததால் இது. ஐந்தாம் நாள் தெளிந்து, "என் மாலை எங்கே?" என்று கேட்டார். குருசாமி பெரிய மனசு பண்ணி விரதத்தைத் தொடரச் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு மலைக்குப் போய்த் திரும்பும்வரை ஒரு சொட்டுக்கூட ஆசை வரவில்லை என்றார். மாலையைக் கழற்றிய முதல் சனிக்கிழமை, கூலி வாங்கின கையோடு எம்.ஆர்.பி. மதுக்கடை வாசலில் நின்றார்.

குடும்பம் இதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொண்டது. நான் அப்படி நினைக்கவில்லை. நடுக்கமும் வலிப்பும் ஒரு கணக்கு, ஆசை வேறு கணக்கு. நடுமூளையிலிருந்து கிளம்பும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் பாதை, சுகத்தை அனுபவிக்கும் நேரத்தைவிட, சுகம் வரப்போகிறது என்ற அடையாளத்துக்குத்தான் அதிகம் துள்ளும். குரங்குகளை வைத்துச் செய்த சோதனையில், ஜூஸ் வரப்போவதை விளக்கு காட்டிக்கொடுக்கும் என்று அவை கற்றதும், டோபமைன் ஜூஸுக்குத் துள்ளுவதை விட்டு விளக்குக்குத் துள்ள ஆரம்பித்தது. நம் பெயின்டருக்கு விளக்கு எது? ஆறு மணி, பிரஷ் கழுவும் தின்னர் வாசனை, கையில் கூலி.

சரி, விரதத்தில் ஏன் துள்ளவில்லை? கிடைக்காது என்று தீர்மானமாகத் தெரிந்தால் ஆசை அடங்கியே கிடக்கும். புகைபிடிக்கும் விமானப் பணியாளர்களிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். சிகரெட்டை விட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைவிட, விமானம் இறங்கப் போகிறதா என்பதுதான் அவர்கள் ஏக்கத்தைக் கூட்டியது. மாலை கழுத்தில் இருக்கும்வரை இவர் விமானம் வானத்தில் இருந்தது. ஆறு மணிக்குக் குளியலும் பஜனையும் இருந்தன.

ஆகவே இரண்டாம் கட்ட சிகிச்சை இறங்கும் இடத்தில்தான் ஆரம்பம். கல்லீரல் பரிசோதனை தேறியதும் நால்ட்ரெக்ஸோன் 50 மில்லிகிராம், தினம் ஒன்று. குடித்தால் மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின்தான் டோபமைனைத் தூண்டிவிடுகிறது. இந்த மருந்து அந்த வழியை அடைக்கும். குடித்தாலும் பழைய கிக் வராது, அடுத்த பெக்குக்கு அவசரம் குறையும். எல்லோருக்கும் வேலை செய்யாது. கூலியை மேஸ்திரி மனைவியின் கணக்கில் போடுவதாக ஏற்பாடு செய்தோம், சனிக்கிழமை வேறு தெரு வழியாக வீடு.

இதற்கிடையில் அவர் மைத்துனி, "தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்" என்ற பொடி ஒன்றை வாங்கி வந்துவிட்டார். இப்படி விற்பதில் டைசல்ஃபிரம் கலந்திருக்கலாம். அது சாராயத்தைப் பாதியில் தடுத்து உடம்பில் விஷமாகத் தேக்கும். விவரம் தெரியாமல் குடிப்பவருக்கு முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதை எழுதிக்கொடுப்பது உண்டு, ஆனால் அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து. பொடியை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

சித்திரையில் ஒரு கல்யாண வீட்டில் வழுக்கினார். மறுநாளே வந்து சொன்னார், அது எனக்குப் போதும். ஹான்ஸ் புகையிலையை மட்டும் இன்னும் விடவில்லை. அது தனி வழக்கு.

ஐப்பசி கடைசியில் கூட வேலை செய்யும் ஒரு பையனைக் கூட்டி வந்தார். மாலை போடப் போகிறானாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே அவனிடம் கேட்டார்: "காலைல கை நடுங்குமாடா?"