போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினால்

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, திருவாரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒன்றரை வயது தாண்டிய பையனைத் தூக்கிக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள்: அம்மா, அப்பாயி, சித்தி. பையன் என் மேஜை மேல் இருந்த பேனாவை ஒரே தாவலில் பிடித்தான். கண் சிவக்கவில்லை, பீளை இல்லை, அழுகை இல்லை. "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டதற்குச் சித்திதான் போனை நீட்டினார். (யாரென்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வைகாசியில் குலதெய்வக் கோயிலில் முடி இறக்கிக் காது குத்திய அன்று எடுத்த படம். மாலை மங்கிய வெளிச்சத்தில் ஃபிளாஷ் போட்டு எடுத்திருக்கிறார்கள். மொட்டைத் தலையில் சந்தனம், மாமா மடியில் பையன். வலது கண்ணின் நடுவில் மங்கிய செம்பழுப்பு. இடது கண்ணின் நடுவில் பால் சொட்டு விழுந்தது போல ஒரு வெள்ளை.

"பூனக்கண்ணு மாதிரி மின்னுது டாக்டர், அவ்வளவுதான்" என்றார் அப்பாயி. பூ விழுந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, நந்தியாவட்டைச் சாறு இரண்டு நாள் விட்டிருக்கிறார்கள். அப்புறம் மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து. அதற்குள் குறுவை நடவு வந்துவிட்டது. நடவு முடியட்டும் என்று இருந்ததில் இரண்டு மாதம் போயிருந்தது.

ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணின் நடுவில் உள்ள கருப்பு வழியாக உள்ளே போய், பின்சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்தச் சுவரில் விழித்திரையும் அதற்குப் பின்னால் ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு படலமும் இருப்பதால் திரும்பும் வெளிச்சம் சிவப்பாகத் தெரிகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கண்ணின் உள்ளேயும் நிறமி அதிகம் என்பதால் பளிச்சென்ற சிவப்பாக இல்லாமல் செங்கல் நிறமாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். அதில் பயம் இல்லை. வழியில் வெள்ளையாக ஏதாவது இருந்தால்தான் வெளிச்சம் வெள்ளையாகத் திரும்பும். பிறவிக் கண்புரையாக இருக்கலாம், விழித்திரை பிரிந்திருக்கலாம், விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கசியும் நோயாக இருக்கலாம். அல்லது ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது விழித்திரையில் வளரும் புற்றுநோய். சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். அபூர்வம்தான். ஆனால் இந்தப் பட்டியலில் உயிரை எடுக்கக்கூடியது இது என்பதால், இது இல்லை என்று உறுதியாகும்வரை நாங்கள் மற்றதைப் பற்றி யோசிப்பதில்லை.

சரி, ஒரே ஒரு படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே புற்றுநோயா? இல்லை. குழந்தை கேமராவை நேராகப் பார்க்காமல் மூக்குப் பக்கமாகச் சற்றே திரும்பியிருந்தால், ஃபிளாஷ் வெளிச்சம் பார்வை நரம்பு தொடங்கும் வட்டத்தில் பட்டுத் திரும்பும். அந்த வட்டம் இயல்பிலேயே வெளிறியது. நல்ல கண்ணிலும் அப்போது வெள்ளை மின்னும். இப்படிப் பயந்து வந்து, நிம்மதியாகத் திரும்பிப் போன பெற்றோர் உண்டு. ஆனால் எது எந்த வகை என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. இதற்கு நேரெதிரான ஏமாற்றமும் உண்டு: பல போன்கள் கண் சிவப்பைத் தானாகவே திருத்திவிடுகின்றன. அதனால் இன்னொரு படம் நன்றாக வந்திருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதும் தவறு.

சித்தியிடம் பழைய படங்களைக் காட்டச் சொன்னேன். இந்தப் பழக்கம் எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது. பொங்கல் அன்று புதுச்சட்டையோடு எடுத்த படத்தில், பையன் ஓரமாகப் பார்க்கும்போது, இடது கண்ணில் ஒரு கீற்று வெள்ளை. பதிமூன்று மாதக் குழந்தை அப்போது. அந்தப் படத்தைக் குடும்பமே பார்த்து ரசித்திருக்கிறது. கட்டி சின்னதாக ஓரத்தில் இருக்கும்போது ஒரு சில கோணங்களில் மட்டும்தான் தெரியும், நேராகப் பார்த்தால் தெரியாது. எல்லாப் படத்திலும் தெரிய ஆரம்பித்தால் அது பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

"இவன் நல்லாத்தானே பாக்குறான்?" என்று அம்மா கேட்டார். வலது கண் நன்றாக இருந்ததால் நன்றாகத்தான் பார்த்தான். வலது கண்ணை என் உள்ளங்கையால் மறைத்தேன். பையன் வீறிட்டு அழுது கையைத் தட்டிவிட்டான். இடது கண்ணை மறைத்தபோது பேனாவோடு விளையாடிக்கொண்டே இருந்தான். அம்மாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அறையை இருட்டாக்கி, கை நீட்டும் தூரத்திலிருந்து கண்ணின் உள்ளே பார்க்க உதவும் ஆப்தால்மாஸ்கோப் வழியாகப் பார்த்ததில் வலதில் செம்பழுப்பு, இடதில் வெள்ளை. சொட்டு மருந்து விட்டு கண்மணியை விரித்து உள்ளே பார்த்தேன். கண்ணில் பாதிக்கு மேல் வெள்ளைக் கட்டி, விழித்திரை பிரிந்திருந்தது. ஒலி அலையால் கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கும் பி ஸ்கேனில் கட்டிக்குள் சுண்ணாம்புப் படிவு பளிச்சென்று தெரிந்தது. சாதாரண டார்ச் அடித்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடக்கூடிய இடம் இதுதான். கண்மணியை விரிக்காமல் பின்பக்கத்தை முழுதாகப் பார்க்க முடியாது.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதிக்க மாட்டார்களா என்று பையனின் அப்பா போனில் கேட்டார். மற்றக் கட்டிகளுக்குச் சரி, இதற்குக் கூடாது. ஊசி போன தடத்தில் புற்று அணுக்கள் கண்ணுக்கு வெளியே சிந்திவிடும். இதே காரணத்தால்தான் வெள்ளையாக இருப்பதைப் புரை என்று நினைத்து, ஸ்கேன் எடுக்காமல் கத்தி வைப்பது பெரிய ஆபத்து.

அன்று மாலையே கண் புற்றுநோய்ப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் பேசி அனுப்பினேன். அங்கே மயக்கம் கொடுத்து இரண்டு கண்ணையும் ஓரம்வரை பார்த்தார்கள், எம்ஆர்ஐ எடுத்தார்கள். கட்டி சின்னதாக இருந்திருந்தால் லேசர், உறைய வைக்கும் சிகிச்சை, கீமோ என்று கண்ணைக் காப்பாற்ற வழிகள் உண்டு. இந்தக் கண்ணில் மீட்கப் பார்வை இல்லை. கண்ணை எடுத்துவிடச் சொன்னார்கள்.

அப்பாயி ஒரு வாரம் ஒத்துக்கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்த நோய் கண்ணுக்குள் இருக்கும்வரை அநேகமாக எல்லாக் குழந்தைகளும் பிழைக்கிறார்கள் என்றும், பார்வை நரம்பு வழியாக மூளைக்கு ஏறிவிட்டால் கதையே வேறு என்றும் ஒரு தாளில் படம் வரைந்து சொன்னேன். அந்தத் தாளை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் சரி என்றார்.

கண்ணோடு நரம்பையும் நீளமாக வெட்டி எடுத்துச் சோதித்ததில், வெட்டிய முனையில் புற்று இல்லை. கீமோ தேவைப்படவில்லை. ஒரு கண்ணில் மட்டும் வந்தாலும் நூற்றில் சுமார் 15 பேருக்கு இது மரபணுவிலேயே இருக்கும் என்பதால், ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். நான்கு வயது அக்காவின் கண்ணையும் விரித்துப் பார்த்தோம், நன்றாக இருந்தது. பையனின் வலது கண்ணை மட்டும் இன்னும் சில வருடங்களுக்குக் குறித்த தேதிகளில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆறு வாரம் கழித்துச் செயற்கைக் கண் பொருத்தினார்கள். இந்தப் பொங்கலுக்குச் சித்தி ஒரு படம் அனுப்பியிருந்தார். "இடது கண்ணுல கலரே வரல டாக்டர், வெறும் கருப்பா இருக்கு, பரவால்லையா?" செயற்கைக் கண்ணுக்குள் வெளிச்சம் போகாது, அதனால் திரும்பியும் வராது, பரவாயில்லை என்று பதில் போட்டேன். பிறகு படத்தைப் பெரிதாக்கி வலது கண்ணைப் பார்த்தேன். மங்கிய செம்பழுப்பு.