சுருக்கத்தில் வராத பதினேழாம் ஷரத்து

பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டுகள் நிறைய உண்டு. ஏற்றுமதி நிறுவனம் தோலைக் கொடுக்கும், யூனிட் அதைத் தைத்துத் திருப்பிக் கொடுத்து ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும். இந்த ஜாப் ஒர்க் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பல பக்கங்களுக்கு நீளும். முன்பெல்லாம் ஆடிட்டரிடம் கொடுத்து, "முக்கியமானதை மட்டும் சொல்லுங்க சார்" என்று கேட்பார்கள். இப்போது பலர் அதை ஒரு ஏஐ செயலியில் ஏற்றி, ஒரு பக்கச் சுருக்கம் வாங்கிக்கொள்கிறார்கள். அந்த ஒரு பக்கத்தை மூலத்தோடு ஒப்பிடுவது எப்படி என்பதை ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வைத்துப் பார்க்கலாம்.

மாதம் 8,000 ஜோடி, 2 வருட ஒப்பந்தம், 22 பக்கம், இரண்டு இணைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் ஷரத்து ரிஜெக்ஷன் பற்றியது. ரிஜெக்ஷன் 3 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய ஜோடிகளுக்கு மட்டும் தோலின் விலை கூலியில் கழிக்கப்படும் என்கிறது. சுருக்கம் அதை இப்படிச் சொல்கிறது: "ரிஜெக்ஷன் 3 சதவீதத்தைத் தாண்டினால் தோலின் விலை கழிக்கப்படும்." படித்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணக்குப் போட்டால்தான் வித்தியாசம் புரியும். ஒரு மாதம் 5 சதவீதம், அதாவது 400 ஜோடி, ரிஜெக்ட் ஆகிறது. 3 சதவீதம் என்பது 240. மூலத்தின்படி மிச்சமுள்ள 160 ஜோடிக்குத்தான் பிடித்தம். ஜோடிக்குத் தோல் 300 ரூபாய் என்றால் 48,000 ரூபாய். சுருக்கத்தை நம்பினால் 400 ஜோடிக்கும், 1,20,000 ரூபாய். இதுதான் திரிபு. பொய்யாக எதுவும் எழுதப்படவில்லை, "தாண்டிய ஜோடிகளுக்கு மட்டும்" என்ற மூன்று சொல் உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இது ஏன் நடக்கிறது? சுருக்குவது என்றாலே சொற்களைக் குறைப்பதுதான். குறைக்கும்போது எழுவாயும் பயனிலையும் தங்கிவிடும், நிபந்தனைகள்தான் முதலில் போகும். ஒப்பந்தத்திலோ காசு இருப்பது நிபந்தனையில். அதனால் ஒப்பிட உட்காரும்போது முழு வாக்கியத்தையும் விட, "சப்ஜெக்ட் டு", "ப்ரொவைடட் தட்", "எக்ஸெப்ட்", "நாட் எக்ஸீடிங்" மாதிரியான சொற்களைத்தான் மூலத்தில் பென்சிலால் வட்டமிட வேண்டும். பிறகு ஒவ்வொரு வட்டமும் சுருக்கத்தில் எங்கே போயிற்று என்று தேட வேண்டும். "ஷல்" என்பது "மே" ஆகிவிட்டதா, அதாவது "வேண்டும்" என்பது "லாம்" ஆகிவிட்டதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம்.

அடுத்தது, இல்லாததைச் சேர்ப்பது. நம் மாதிரியில் பதினோராம் ஷரத்து, பில் கிடைத்து 60 நாளில் பணம் என்கிறது. சுருக்கத்திலோ 45 நாள். 45 எங்கிருந்து வந்தது? குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வாங்குபவர் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணம் தராமல் இழுக்கக் கூடாது என்று இருக்கிறது. செயலிக்குள் இருக்கும் மொழி மாதிரி, அதாவது லாங்குவேஜ் மாடல், பயிற்சியில் படித்த எத்தனையோ ஆவணங்களில் இந்த 45 வந்திருக்கும். அது அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்துத்தான் எழுதுகிறது. எதிரே இருக்கும் காகிதம் ஒரு பக்கம் இழுக்கிறது, இதுவரை படித்த ஒப்பந்தங்களின் வழக்கம் இன்னொரு பக்கம் இழுக்கிறது. சில சமயம் வழக்கம் ஜெயித்துவிடுகிறது.

ஆபத்து எங்கே அதிகம் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. வழக்கமான ஷரத்துகளைச் சுருக்கம் பெரும்பாலும் சரியாகவே சொல்லும். பேரம் பேசி, வழக்கத்திலிருந்து விலகி எழுதிய இடங்களில்தான் சறுக்கும். நீங்கள் சண்டை போட்டு வாங்கிய சலுகையும், தெரியாமல் ஒத்துக்கொண்ட பாரமும் இருப்பது அங்கேதான்.

சுருக்கத்தின் கடைசி வரி, தகராறு வந்தால் நடுவர் மூலம் வேலூரில் தீர்த்துக்கொள்ளப்படும் என்கிறது. மூலத்தில் நடுவர் என்ற பேச்சே இல்லை, சென்னை நீதிமன்றம் என்று மட்டும்தான் இருக்கிறது. இந்த வகைப் பிழையைப் பிடிப்பது எளிது. சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனிக் கூற்றாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஷரத்து எண்ணை எழுதினால் போதும். எண் கிடைக்காத கூற்று மூலத்தில் இல்லாதது. செயலியே எண் போட்டுக் கொடுத்திருந்தால் அந்த ஷரத்தைத் திறந்து பார்க்காமல் டிக் போடக் கூடாது, ஏனென்றால் எண்ணையும் அதுவே கற்பனை செய்யக்கூடும்.

இதே வேலையைச் செய்யும் மென்பொருள்களும் இருக்கின்றன. கூற்றையும் மூலப் பகுதியையும் அருகருகே வைத்து, மூலத்திலிருந்து இந்தக் கூற்று கிடைக்கிறதா, முரண்படுகிறதா, இரண்டும் இல்லையா என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும். நடுவர் கதையை அவை பிடித்துவிடும். ரிஜெக்ஷன் வரியைத்தான் விட்டுவிட வாய்ப்பு அதிகம். 3 சதவீதம், தோல், விலை, கழிப்பது எல்லாம் இரண்டு பக்கமும் இருப்பதால் "கிடைக்கிறது" என்று சொல்லிவிடும்.

இப்படிச் சுருக்கத்தின் வரி ஒவ்வொன்றையும் கச்சிதமாகச் சரிபார்த்தாலும் ஒன்று மட்டும் கண்ணில் படவே படாது: விடுபட்டது. இல்லாத வரியை எதை வைத்துத் தேடுவது? அதற்குத் திசையை மாற்ற வேண்டும், மூலத்திலிருந்து சுருக்கத்துக்கு வர வேண்டும். சுருக்கத்தைத் திறப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தைப் புரட்டி, ஒவ்வொரு ஷரத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: யார், என்ன செய்ய வேண்டும், எப்போது, செய்யாவிட்டால் என்ன. முன்பே என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சுருக்கத்தை முதலில் படித்துவிட்டால், அதில் வந்ததுதான் முக்கியம் என்று மனசு முடிவு செய்துவிடும், அப்புறம் மூலத்தில் மற்றவை சும்மா கடந்து போகும்.

நம் மாதிரியில் அப்படி ஒரு வரி பதினேழாம் ஷரத்தில், நட்ட நடுவில் இருக்கிறது. இணைப்பு ‘ஆ’-வில் உள்ள வெளிநாட்டு பிராண்டுகளின் வேலையை ஒப்பந்தம் முடியும்வரை வேறு எந்த நிறுவனத்திடமிருந்தும் எடுக்கக் கூடாது என்கிறது. சுருக்கத்தில் இது இல்லை. இரண்டு காரணம் இருக்கலாம். நீண்ட ஆவணத்தில் தொடக்கத்தையும் முடிவையும் பயன்படுத்தும் அளவுக்கு மொழி மாதிரிகள் நடுப்பகுதியைப் பயன்படுத்துவதில்லை என்று 2023-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இன்னொன்று இன்னும் சாதாரணமானது. இணைப்பு ‘ஆ’ ஸ்கேன் செய்த படம், அதன் மேல் ரப்பர் ஸ்டாம்ப் வேறு. படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும்போது அந்தப் பக்கம் வெற்றாகப் போயிருந்தால், செயலி பட்டியலைப் பார்த்ததே இல்லை. முத்திரைத்தாளில் அடித்த முதல் பக்கத்திலும் இது நடக்கும். பிடிஎஃப் கோப்பைத் திறந்து அந்தப் பக்கத்தின் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துப் பாருங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் அது வெறும் படம்தான். நகலில் 1.5 சதவீதம் 15 ஆகியிருந்தால் அதையும் இங்கேயே பிடிக்கலாம்.

எது விடுபட்டால் பிழை என்பதற்கு மட்டும் பொது விதி கிடையாது. சுருக்கம் என்றாலே நிறைய விடத்தான் வேண்டும். அந்த ஒரே நிறுவனத்துக்கு மட்டும் தைக்கும் யூனிட்டுக்குப் பதினேழாம் ஷரத்து ஒரு பொருட்டே இல்லை. சீசன் இல்லாத மாதங்களில் இன்னொருவரிடமும் வேலை எடுத்துத்தான் தையல்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியும் என்ற யூனிட்டுக்கு, ஒப்பந்தத்திலேயே பெரிய வரி அதுதான். இதை மென்பொருளால் சொல்ல முடியாது, யூனிட் நடத்துகிறவர்தான் சொல்ல வேண்டும்.

அந்த 45 நாளுக்கு வருவோம். சட்டத்தில் அப்படித்தானே இருக்கிறது, சுருக்கம் சொன்னது சரிதானே என்று சிலர் கேட்பார்கள். சரிபார்ப்பில் கேட்பது காகிதத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும், அதனால் 45 பிழைதான். 60 என்று திருத்திய பிறகுதான், குறு, சிறு தொழில் என்பதற்கான உத்யம் பதிவு வைத்திருக்கும் யூனிட்டிடம் 60 நாள் என்று எழுதி வாங்கினால் செல்லுமா என்ற கேள்வியே எழும். சுருக்கத்தில் 45 என்றே இருந்திருந்தால், ஆடிட்டரிடம் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.